போர்டிங் பாஸ் படம் வேண்டாமே
"போர்டிங் பாஸைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்" என்று தனியாக விமானத்தில் போகிறவர்களுக்குச் சிலர் யோசனை சொல்கிறார்கள்; இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதிலுள்ள ஆறு எழுத்து பி.என்.ஆரும் பெயரும் கிடைத்தால் பல விமான நிறுவனத் தளங்களில் யார் வேண்டுமானாலும் நம் டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம்; சிலவற்றில் சீட்டை மாற்றலாம், ரத்துகூடச் செய்யலாம். பி.என்.ஆரை விரலால் மறைத்தும் பயனில்லை, பார்கோடுக்குள்ளும் அது இருக்கிறது. போன வருஷம் தனியாக துபாய் போனபோது நான் அனுப்பிய படத்தை எங்கள் சித்தப்பா பாசத்தில் ஸ்டேட்டஸாகவே வைத்துவிட்டார்! இப்போதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் விமான எண், தேதி, இறங்கும் நேரம் மூன்றையும் டைப் செய்து அனுப்புகிறேன். அந்த எண்ணை கூகுளில் போட்டு, தாமதமா, இறங்கிவிட்டதா என்று அவரே பார்த்துக்கொள்கிறார்.