எரர் 0.3 என்றால் கேமரா பக்காவா?

வீடியோவில் 3D பொருள் வைப்பதற்காகக் கேமரா டிராக்கிங் செய்வது பற்றி ஒரு அண்ணா எழுதியது: "எரர் அதிகமா இருக்கிற பாயின்ட்டை எல்லாம் அழிச்சு Solve Error-ஐ 0.3-க்குக் கீழே கொண்டு வந்துட்டா கேமரா பக்கா, பொருள் நகரவே நகராது."

பாதிதான் சரி அண்ணா. மிச்சமிருக்கும் பாயின்ட்டுகளிலிருந்து கணக்கு சராசரியாக எத்தனை பிக்சல் விலகுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, கேமரா உண்மையிலேயே அங்கேதான் இருந்தது என்று அது சொல்லாது. நீங்கள் போட்ட கிருஷ்ணகிரி அணை கிளிப்பையே பாருங்கள். கைப்பிடிச் சுவரிலும் தரையிலும் இருந்த பாயின்ட்டுகளுக்கு எரர் அதிகம் என்று அழித்துவிட்டீர்கள், மிஞ்சியது தூரத்து மலை மட்டும். நாலடி நடந்தாலும் மலையில் இருக்கும் பாயின்ட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகாது, அதனால் ஆழம் தெரிய வழியே இல்லை, ஃபோக்கல் லெங்த் தவறாக இருந்தாலும் எரர் குறைவாகவே வரலாம். காலடியில் வைத்த பானை வழுக்குவது அதனால்தான்.

கிட்டத்துப் பாயின்ட்டை அழிக்காமல், எந்த ஃப்ரேமில் சறுக்கியது என்று பார்த்து அங்கே மட்டும் திருத்துங்கள். அப்புறம் போனில் ஃபோக்கல் லெங்த் 26mm என்று காட்டுவது 35mm ஃபிலிம் அளவுக்கு மாற்றிய கணக்கு, அதைப் போட்டால் சென்சார் அகலம் 36mm என்று போட வேண்டும். ஸ்டெபிலைசேஷன் ஓடியிருந்தால் அதுவும் பொருந்தாது, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் படத்தை நகர்த்தி வெட்டிவிடும். கடைசியில், டிராக் செய்யாத ஒரு தரைமூலையில் சின்னக் க்யூப் வைத்து ஓட்டிப் பாருங்கள், அதுதான் உண்மையான சோதனை.

ஒகேனக்கல் ஷாட்டின் டிராக்கிங் பற்றிக் கேட்ட தம்பி, உங்கள் சிக்கல் வேறு: தண்ணீரும் பரிசலும் தாமே நகர்பவை, அங்கே வைத்த பாயின்ட்டுகளை அழித்துவிடுங்கள், பாறை மட்டும் போதும். சாரல் லென்ஸில் பட்ட ஷாட் தேறுமா என்பது பார்த்தால்தான் தெரியும்.