"எப்ப ஃப்ரீ சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி எம்.டி.யின் சந்திப்பு நேரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "வணக்கம் சார். உங்களைக் கொஞ்சம் பார்க்கணும். எப்ப ஃப்ரீ?"

மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். பெரியவரிடம் காரணமும் நேரமும் சொல்லிக் கேட்டால் திமிராகத் தெரியுமோ என்ற தயக்கம் நம் மதுரைப் பக்கம் நிறையவே உண்டு. ஆனால் படிப்பவருக்கு அது ராஜினாமாவா, சம்பளமா, மெஷின் நின்றுபோனதா என்று தெரியாது. பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்றும் தெரியாது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிடுவார்.

மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் இப்படி அனுப்பிவிட்டுப் பதில் வராமல் என்னிடம் வந்தார். "என்ன விஷயம்ண்ணே?" என்றேன். "கம்ப்ரஸர் விஷயமா" என்றார். சரி, அதில் எம்.டி. என்ன செய்ய வேண்டும்? துருவிக் கேட்ட பிறகுதான் முழுசாக வந்தது. பழையதை ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். கொட்டேஷன் விலை 30ஆம் தேதி வரைதான். இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"சார், கம்ப்ரஸரை ரிப்பேர் பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று உங்கள் முடிவு வேண்டும். கொட்டேஷன் விலை 30ஆம் தேதி வரை. 15 நிமிடம் போதும். புதன் அல்லது வியாழன் மாலை 4 மணிக்கு மேல் வரலாமா? இரண்டு கொட்டேஷனும் இணைத்திருக்கிறேன்."

முடிவு வேண்டும் என்பதை முதல் வரியிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. செய்தியைத் திறக்காமலே போன் திரையில் தெரிவது அந்த வரிதான். நலம் விசாரிப்பில் அதை வீணாக்கக் கூடாது.

நேரத்தை அண்ணன் முதலில் 5 நிமிடம் என்றுதான் சொன்னார். அது அவர் பேசுவதற்கு மட்டும். எம்.டி. கேட்கும் கேள்விகளை யார் கணக்கில் எடுப்பது? அதனால் 15. குறைத்துச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் நேரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். "உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப" என்பதும் பணிவாகத் தெரியும், ஆனால் நாள் தேடும் வேலையை அவர் தலையில் வைக்கிறது. இரண்டு நேரம் சொன்னால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

அன்றைக்கே பதில் வந்தது: "புதன் 4.30. போன வருட ரிப்பேர் செலவையும் எடுத்து வாங்க." விஷயம் தெரிந்ததால்தான் அந்தக் கணக்கை முன்கூட்டியே கேட்க முடிந்தது.

எல்லாவற்றையும் இப்படி விரித்து எழுத முடியாது. மேலதிகாரி மீது புகார், வீட்டுச் சிக்கல் போன்றவற்றை என்னைப் போன்ற மூன்றாவது ஆளும் படிக்கக்கூடும். அப்போது விவரம் வேண்டாம். "தனிப்பட்ட விஷயம் சார், நேரில்தான் சொல்ல முடியும். 20 நிமிடம் வேண்டும், வெள்ளிக்குள் பார்க்க முடிந்தால் நல்லது" என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு அவசரம் என்று தெரிந்தாலே நாங்கள் இடம் ஒதுக்கிவிடுவோம்; என்ன விஷயம் என்று கேட்க மாட்டோம்.