எழுத்துக்கு ஒரு வாய் வேண்டாம்

அனிமேஷனில் பாத்திரத்தின் வாயசைவை வசனத்தோடு பொருத்துவது பற்றி இங்கே ஒருவர் சொன்னது: “வசனத்துல எத்தனை எழுத்து இருக்கோ அத்தனை வாய் வரையணும், இல்லன்னா உதடு ஒட்டாது.”

வரைந்தால்தான் ஒட்டாது. நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பாத்திரம் பேசவில்லை, பல்லைக் கடகடவென்று ஆட்டியது.

வாய் காட்டுவது எழுத்தை அல்ல, வெளியே தெரியும் உதட்டை. ப, ம இரண்டுக்கும் ஒரே மூடிய வாய்தான். க, ங தொண்டைப் பக்கம் பிறப்பவை, அவற்றுக்குத் தனி வாயே வேண்டாம். பக்கத்து உயிரின் வாயே போதும்.

“அப்பா வந்தாச்சு” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 24 பிரேம். ‘அ’வுக்கு லேசான திறப்பு, ‘ப்ப்’ வந்ததும் உதடு முழுக்க மூட வேண்டும், அதுவும் குறைந்தது 2 பிரேமாவது. ஒரே பிரேமில் மூடித் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ‘பா’வுக்குப் பெரிய திறப்பு. ‘வ’வில் கீழுதடு மேல்பல்லை ஒட்டி வரும். ‘ந்தா’வுக்குத் திறந்த வாய், ‘ச்சு’வில் பல் சேர்ந்து லேசாகக் குவியும். ஆறு வாய்க்குள் முடிந்தது.

இங்கே இன்னொருவர் “ஆறு வாய் வரைஞ்சா போதும்” என்றார். பாதி சரி. எது எப்போது வருகிறது என்பதுதான் மீதி. மூடிய வாய் ஒலிக்கு ஒரு பிரேம் முந்தினால் உறுத்தாது, பிந்தினால் உடனே டப்பிங் போலத் தெரியும்.

பாட்டுக்கும் இதே கணக்கு ஒத்துவருமா என்றால், நீட்டிப் பாடும் இடத்தில் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.