சுறாவின் மூக்கைப் பார்த்துப் பயப்படுகிறோம், அதன் துடுப்பை மறந்துவிடுகிறோம்

சுறா வீடியோ எது வந்தாலும் கீழே ஒருவர் வந்து "ஒரு சொட்டு ரத்தம் போதும், பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும்" என்று எழுதிவிடுகிறார். அதற்கு ஆயிரம் லைக். கொஞ்சம் யோசித்தாலே தெரியும், வாசனை தண்ணீரோடு நகர்ந்துதான் மூக்குக்கு வந்து சேர வேண்டும். பத்து கிலோமீட்டர் போவதற்குள் அந்த ஒரு சொட்டு கரைந்து காணாமல் போயிருக்கும், நீரோட்டம் எதிர்த்திசையில் இருந்தால் அந்தப் பக்கமே வராது. சுறாவுக்கு மோப்ப சக்தி நன்றாகவே உண்டு, ஆனால் அது மந்திரம் இல்லை. இரண்டு நாசியில் எதற்கு வாசனை முதலில் எட்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தித் தேடிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

உண்மையில் வியக்க வேண்டிய புலன் வேறு. சுறாவின் முகத்தை நெருங்கிப் பார்த்தால் மூக்கைச் சுற்றியும் வாயின் அடியிலும் கரும்புள்ளிகள் போலச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கூழ் நிரம்பிய ஒரு மெல்லிய குழாயின் வாய். இத்தாலியரான லொரென்சினி 1678-லேயே இவற்றை விவரித்து எழுதிவிட்டார், ஆனால் எதற்காக இருக்கின்றன என்று யாருக்கும் பிடிபடவில்லை. மீன் மூச்சு விடும்போதும் தசையை அசைக்கும்போதும் அதன் உடலைச் சுற்றி மிக மெல்லிய மின்புலம் உண்டாகிறது. இந்தக் குழாய்கள் அதைத்தான் உணர்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் அளவு வரை, அதாவது ஒரு வோல்ட்டில் 20 கோடியில் ஒரு பங்கு!

இதை இரைதேடலோடு பொருத்திக் காட்டியவர் கால்மைன் என்ற டச்சு ஆய்வாளர். 1971-ல் வெளிவந்த அவருடைய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நம்மூர் நாக்கு மீனைப் போன்ற ஒரு தட்டை மீனைத் தொட்டியின் மணலில் புதைத்தார், சின்னப் பூனைச்சுறா வந்து நேராகத் தோண்டி எடுத்தது. சரி, வாசனையாக இருக்கலாமே? அடுத்து மீனை அகர் கூழால் ஆன பெட்டிக்குள் வைத்தார். கூழ் வாசனையைத் தடுக்கும், மின்புலத்தை விட்டுவிடும். பெட்டிக்குள் ஓடும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தள்ளிப் போய் வேறு இடத்தில் வெளியேறியது. வாசனை வந்தது அங்கேதான், ஆனால் சுறா தாக்கியது மீன் இருந்த இடத்தை. பெட்டிக்குள் உயிர்மீனுக்குப் பதில் மீன் துண்டை வைத்தபோது மட்டும் தண்ணீர் வெளியேறிய இடத்தில் போய்த் தேடியது. பிறகு கூழின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டார். மின்புலம் அடைபட்டது. சுறா மீனுக்கு மேலேயே நீந்திக் கடந்து போனது, ஒன்றும் தெரியவில்லை அதற்கு. கடைசியாக மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் மணலில் புதைத்து அதே அளவு மின்சாரம் கொடுத்தார். பக்கத்தில் நிஜமான மீன் துண்டு கிடந்தும் சுறா மின்முனையைத் தோண்டியது.

இந்தப் புலனுக்கு எல்லை ரொம்பக் குறுகியது, சுமார் அரை மீட்டருக்குள்தான் வேலை செய்யும். தூரத்தில் ஒலி, அப்புறம் மோப்பம், கிட்ட வந்தால் கண்ணும் உடலின் பக்கவாட்டில் நீரசைவை உணரும் கோடும், கடைசி நொடியில் மின்புலம். பெருவெள்ளைச் சுறா கடிக்கும் கணத்தில் கண்ணைப் பின்னால் உருட்டிக்கொள்ளும், அப்போது அதை வழிநடத்துவதில் இந்தத் துளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சுறாவைப் பார்க்கக் கடலில் இறக்கும் கூண்டுக்குள் மனிதன் இருக்க, அது போய் இரும்புக் கம்பியைக் கடிக்கிறதே, அதை வெறி என்று சொல்லிவிடுகிறோம். உப்புத் தண்ணீரில் உலோகம் கிடந்தால் அதைச் சுற்றி மின்புலம் உண்டாகும். அதன் முகத்துக்கு அதுவும் இரை மாதிரிதான்.

ஆபத்து விஷயத்துக்கு வருவோம். 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன, பல இனங்கள் ஒரு மீட்டர் நீளம்கூட வளராதவை. மனித உயிர்ப்பலியில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் மூன்றே: பெருவெள்ளை, புலிச்சுறா, காளைச்சுறா. சீண்டாமல் நடக்கும் கடி உலகம் முழுக்க வருடத்துக்கு அறுபது எழுபது, இறப்பு பெரும்பாலும் ஒற்றை இலக்கம். சுறாக்கடிக்கு மிகவும் பேர்போன ஊர் புளோரிடாவின் நியூ ஸ்மிர்னா பீச். அங்கே என்ன நடக்கிறது என்றால், கலங்கிய அலையில் மடவைக் கூட்டத்தைத் துரத்தி வரும் சின்னச் சுறாக்கள் அலைச்சறுக்கு ஆடுபவரின் காலைக் கவ்விவிட்டு உடனே விட்டுவிடுகின்றன. தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். மனிதன் இரை என்று அது முடிவு செய்திருந்தால் அந்தக் கடற்கரையில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இதற்காகக் காளைச்சுறா திரியும் கழிமுகத்தில் போய் இறங்குங்கள் என்று சொல்லவில்லை.

இப்போது துடுப்பு. ஹாங்காங் விருந்துகளில் வைக்கும் சூப்பில் அந்தத் துடுப்பின் நார்தான் சேமியா போல மிதக்கும். ருசி அதற்கு இல்லை, ருசியெல்லாம் கோழி, பன்றி இறைச்சிச் சாற்றிலிருந்து வருவது. சுறாவின் எடையில் துடுப்பு ஏறக்குறைய 5 சதவீதம். படகில் இடம் குறைவு, இறைச்சிக்கு விலை குறைவு. ஆகவே துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை, பல நேரம் உயிரோடு, கடலில் தள்ளிவிடுவார்கள். நீந்த முடியாமல் அது மூழ்கும். நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும் என்கிற இனமாக இருந்தால் மூச்சுத் திணறியே சாகும்.

இந்தக் கொடுமையைத் தடுக்க உலகம் முழுக்கச் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 2013-ல் துடுப்பு உடலோடு ஒட்டியபடிதான் கரைக்கு வர வேண்டும் என்றார்கள், 2015-ல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தார்கள். நல்லதுதான். ஆனால் என் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2024-ல் வந்த ஓர் உலகளாவிய ஆய்வு, இத்தகைய சட்டங்கள் பல மடங்கு பெருகிய 2012 முதல் 2019 வரையிலான காலத்தில் மீன்பிடியில் சாகும் சுறாக்களின் எண்ணிக்கை வருடத்துக்குக் குறைந்தது 7.6 கோடியிலிருந்து 8 கோடிக்கு மேல் ஏறியது என்று கணக்கிட்டது. உடலை எறியக்கூடாது என்றதும் உடலும் கரைக்கு வந்தது, அதற்கும் சந்தை உருவானது. சட்டம் அறுக்கும் முறையைத்தான் மாற்றியது. பெரிய சுறாக்களில் பல இனங்கள் பருவமடையவே பத்து இருபது வருடம் ஆகும், அதன் பிறகும் சில குட்டிகள்தான். மத்தி மாதிரி அடுத்த பருவத்தில் திரும்பி வராது.

நம் பக்கத்தில் சுறாவையே குறிவைத்து ஆழ்கடல் போகிறவர்கள் என்றால் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள். ஏற்றுமதித் தடையால் அவர்கள் வருமானம் அடிபட்டது நிஜம். அவர்களை மட்டும் வில்லனாக்கிவிட்டு, இழுவை மடியில் குவிகிற குட்டிச்சுறாக்களை வாங்கிப் புட்டு வைக்கும் நாம் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை.

சாவைக் குறைக்க வேண்டுமென்றால் அறுக்கும் கத்தியைவிடப் பிடிக்கும் தூண்டிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சூரைக்காக விடும், நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் கொக்கியைக் கயிற்றோடு இணைப்பது இரும்புக் கம்பியாக இருந்தால் சுறா மாட்டியது மாட்டியதுதான், நைலான் நரம்பாக இருந்தால் பல சுறாக்கள் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். மேற்கு, மத்திய பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் 2024-லிருந்து அந்தக் கம்பிக்குத் தடை. மீனவருக்கு நஷ்டம் சில கொக்கிகள். இந்தியப் பெருங்கடலிலும் இதைப் பற்றித்தான் நாம் சத்தம் போட வேண்டும்.