பிறந்த திகதி என்றால் எப்படி அடிப்பது?

முந்தாநாள் இரவு பாடசாலை வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வசதிக் கட்டணமும் பிள்ளைகளின் வரவும் இனிமேல் புதிய இணையத்தளத்தில்தானாம். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பெற்றோரும் உள்நுழைந்துவிட வேண்டுமாம். முழுவதும் ஆங்கிலம். படமாக அனுப்பியதால் முகவரியைத் தொட்டாலும் திறக்காது, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடிக்க வேண்டும். வன்னியில் அரிவி வெட்டு நேரம் இது. வயலிலிருந்து வந்த மனிசன் இதோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

வீட்டுக்குள் கவரேஜ் இல்லை. குளக்கட்டில் ஏறி நின்றுதான் திறந்தேன். பயனர் பெயர் சேர்விலக்கம், கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த திகதி. அவ்வளவுதான் போட்டிருந்தது. மகள் பிறந்தது 2012 மார்ச் 5. `2012-03-05` என்று அடித்தேன், பிழை. `5.3.2012`, பிழை. `5032012`, அதுவும் பிழை. மூன்றாவதோடு கணக்கைப் பூட்டிவிட்டது, 24 மணித்தியாலம் பொறுக்கட்டாம். அடுத்த நாள் வகுப்பாசிரியரைக் கேட்டால், நாளுக்கும் மாதத்துக்கும் முன்னால் பூச்சியம் போட்டு, இடையில் புள்ளியோ கோடோ இல்லாமல் எட்டு இலக்கமாக அடிக்கட்டாம்: `05032012`. இந்த ஒரு உதாரணத்தை அந்தப் படத்தில் போட என்ன தடை? எழுதியவருக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரியும் என்று யார் சொன்னது?

என்னை விடுங்கள். பக்கத்து வீட்டு அம்மம்மாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பேரனை அவதான் வளர்க்கிறா, தாய் வெளிநாட்டில். கடவுச்சொல் சரியாக அடித்தாலும் ஒரு ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியில் வரும், அதை ஐந்து நிமிடத்துக்குள் போட வேண்டும். அது போவது பிள்ளையைச் சேர்க்கும்போது கொடுத்த இலக்கத்துக்கு. தாய் பாவித்த அந்த சிம் எப்போதோ செத்துப்போயிற்று. பாவிக்காத இலக்கத்தைக் கொஞ்சக் காலத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் பேரனின் கணக்கைத் திறக்கும் குறியீடு யாரோ முன்பின் தெரியாதவரின் கைக்குப் போகிறது! அவவோ கையில் பட்டன் போனை வைத்துக்கொண்டு, "தம்பி, இன்னும் வரேல்லையே" என்று குளக்கட்டில் இருட்டும்வரை நின்றா.

இலக்கம் மாறியிருந்தால் என்ன செய்வது என்று அந்தப் படத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம் சனம் கொமினிகேஷன் கடைக்குத்தான் ஓடும். காசும் கொடுத்து, பிள்ளையின் சேர்விலக்கத்தையும் பிறந்த திகதியையும் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்.

முதலில் இலக்கங்களைச் சரிபாருங்கள். ஒரு சனிக்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்து வைத்தால் நாங்களே வந்து சொல்வோம். பிறகு தமிழில், எழுத்தாக, உதாரணத்தோடு அனுப்புங்கள். அதுவரை அம்மம்மா காசைக் கையில் கொண்டுவந்தால் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.