உடைந்த சரக்குக்கும் மாறி வந்த சரக்குக்கும் ஒரே மெயில் போடாதீர்கள்

சப்ளையரிடம் கிரெடிட் நோட் கேட்டு எழுதும் மெயில் பெரும்பாலும் கோபத்தில்தான் எழுதப்படுகிறது. "பாதி கெட்டுப்போய் வந்திருக்கு, மீதி தப்பா வந்திருக்கு, போட்டோ இணைத்துள்ளோம், உடனே கிரெடிட் நோட் அனுப்பவும்." கூடவே இருபது போட்டோ, எது எந்தப் பெட்டி என்று எடுத்தவருக்கே தெரியாது. அந்தப் பக்கம் இதைப் படிக்கும் கணக்குப் பிரிவுக்காரர் நம்மோடு சண்டைக்கு வரமாட்டார். என்ன செய்வதென்று புரியாமல் ஓரமாக வைத்துவிடுவார், அவ்வளவுதான். நாம் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டிருப்போம்.

என் கருத்து இதுதான்: ஒரே லோடில் வந்திருந்தாலும் சேதமான சரக்குக்கு ஒரு கோரிக்கை, ஸ்பெக் மாறி வந்ததற்கு இன்னொரு கோரிக்கை. ஏன் என்பதை எங்கள் ஸ்டோர்ஸுக்கு வந்த ஒரு லோடை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் கேட்டது 6204-2RS பேரிங், 200 எண்ணம். பெட்டிக்கு 50 வீதம் நான்கு அட்டைப்பெட்டி வந்தது. முதல் இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதில் இருந்த 50-ம் 6204-ZZ. நான்காவது பெட்டி நனைந்து வந்திருந்தது, அதற்குள் 18 பேரிங்கில் துரு ஏறியிருந்தது, மீதி 32-இன் உறைக்குள் ஈரம் போகவில்லை.

இந்த இரண்டும் சப்ளையர் அலுவலகத்துக்குள் போகும் பாதையே வேறு. ரகம் மாறியது அவர்கள் கிடங்கில் எடுத்துக் கொடுத்தவரின் தவறு, விற்பனைப் பிரிவு மேலாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் முடிந்துவிடும். நனைந்தது அப்படியல்ல. அவர்கள் டிரான்ஸ்போர்ட்காரரிடமோ இன்சூரன்ஸிடமோ கேட்டு வாங்கப் பார்ப்பார்கள், அங்கிருந்து ஆள் வந்து பார்க்க வேண்டும் என்பார்கள், இழுக்கும். இரண்டையும் ஒரே மெயிலில் கட்டிவிட்டால், சுலபமாக முடிய வேண்டிய 50, இழுபறியில் கிடக்கும் 18-க்காகக் காத்திருக்கும்.

அதுவும் சேத விஷயத்தில் நமக்கு அவகாசம் மிகக் குறைவு. நாடு விட்டு நாடு வரும் சரக்கென்றால் சர்வதேச ஒப்பந்தங்களிலேயே கெடு எழுதியிருக்கிறது: வெளியில் தெரியாத சேதத்துக்குக் கப்பல் வழியில் (ஹேக்-விஸ்பி விதிகள்) 3 நாள், ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கும் சிஎம்ஆர் சாலை ஒப்பந்தத்தில் ஞாயிறும் பொது விடுமுறையும் கழித்து 7 நாள், விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதிகபட்சம் 14 நாள். வெளியிலேயே தெரியும் சேதம் என்றால் இந்த நாள் கணக்கை நம்பி உட்காரக் கூடாது, கப்பலிலும் சாலையிலும் சரக்கை எடுக்கும்போதே சொல்லியாக வேண்டும். உள்ளூர் லாரி என்றால் அந்தந்த நிறுவனத்தின் ரசீதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். சப்ளையர் அவர்களிடம் கேட்க வேண்டுமானால் நாம் அதற்கு முன்பே சப்ளையரிடம் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா. அதனால் சேத மெயில் அன்றே போக வேண்டும், எண்ணிக்கை முழுதாகத் தெரியாவிட்டாலும் "ஒரு பெட்டி நனைந்து வந்துள்ளது, பிரித்துப் பார்த்து எண்ணிக்கை சொல்கிறோம்" என்றாவது.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. டெலிவரி சலானில் கையெழுத்துப் போடும் இடம். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும், டிரைவர் வண்டியை அணைக்காமல் நிற்பார், நம் ஆள் மூலையில் கிறுக்கிக் கொடுத்துவிடுவார். நனைந்த பெட்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நாமே எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை போட்டோ அனுப்பினாலும் "உங்கள் கிடங்கில் நனைந்திருக்கும்" என்ற பதில் தயாராக இருக்கும். கையெழுத்துக்கு மேலே "1 பெட்டி ஈரம், பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துவிட்டால் போதும். சேதக் கோரிக்கைக்கு மிக முக்கியமான போட்டோ அதுதான், துருப்பிடித்த பேரிங் கூட இரண்டாவதுதான்.

சரி, ரகம் மாறியதற்கு வருவோம். இங்கே போட்டோவை விடக் காகிதம்தான் பேசும். 2RS, ZZ இரண்டுக்கும் அளவு ஒன்றே, உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. அதனால் சப்ளையரின் முதல் பதில் எப்போதும் "இதுவும் அதே சைஸ்தானே சார், போட்டுக்கலாமே" என்பதுதான். போட முடியும், நிற்காது. 2RS-இல் இருபுறமும் உள்வளையத்தைத் தொட்டு நிற்கும் ரப்பர் சீல் இருக்கும். ZZ-இல் இருப்பது தகரத் தட்டு, அதற்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அந்த இடைவெளி வழியாக ஈரம் போய் கிரீஸைக் கெடுத்துவிடும். ஆனால் இந்த விளக்கத்தை மெயிலில் எழுத வேண்டியதில்லை, எழுதினால் விவாதம் "ZZ போதுமா போதாதா" என்று திரும்பிவிடும். கேட்டது 2RS, வந்தது ZZ. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேட்டது 2RS என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. மெயில் எழுதுவதற்கு முன் நான்கு தாளை மேஜையில் பரப்பிப் பாருங்கள்: நம் பர்ச்சேஸ் ஆர்டர், அதற்கு அவர்கள் அனுப்பிய ஆர்டர் உறுதிக் கடிதம், டெலிவரி சலான், இன்வாய்ஸ். பிஓவில் வெறும் "6204 பேரிங்" என்று போட்டுவிட்டு போனில் 2RS என்று சொல்லியிருந்தால் நம் கோரிக்கை நிற்காது, அப்போது கேட்பது உரிமை இல்லை, உதவி, அந்தத் தொனியில்தான் கேட்க வேண்டும். இதைவிடப் பொல்லாதது உறுதிக் கடிதம். பிஓவில் 2RS, உறுதிக் கடிதத்தில் ZZ, நாம் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றால், "நாங்கள் எழுதி அனுப்பினோம், நீங்கள் மறுக்கவில்லையே" என்பார்கள், அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் பிஓ, உறுதிக் கடிதம், இன்வாய்ஸ் மூன்றிலும் 2RS, சலானில் மட்டும் மூன்றாம் பெட்டிக்கு ZZ. கிடங்கில் மாறியது என்று அவர்கள் தாளே சொல்லிவிட்டது.

போட்டோ விஷயத்தில் நிறைய எடுப்பதை விட வரிசையாக எடுப்பது முக்கியம். பிரிப்பதற்கு முன் பெட்டி, லேபிள் தெரிய. பிறகு திறந்த பெட்டி, அதே லேபிள் அதே படத்தில் வரும்படி. பிறகு ஒரு சின்ன உறை, அதன் லாட் நம்பரோடு. கடைசியாகப் பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்து, படிக்கும் அளவுக்குப் பக்கத்தில். பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும், ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சாய்வாக வெளிச்சம் விழ எடுத்தால் தெளிவாக வரும். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ச்சி இருந்தால்தான் இந்தப் பேரிங் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று மூன்றாவது ஆள் நம்புவார். வெறும் பேரிங்கை மேஜையில் வைத்து எடுத்த படம் உலகத்தில் எந்தப் பேரிங்காக வேண்டுமானாலும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை மெயிலில் இணையுங்கள். பெயரும் `PO4471_item3_box3_label.jpg` என்பது போல இருக்கட்டும். `IMG_2093` என்று இருபது கோப்பைத் திறந்து பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

மெயில் இவ்வளவுதான்:

"பொருள்: கிரெடிட் நோட் கோரிக்கை, இன்வாய்ஸ் 2286, பிஓ 4471 ஐட்டம் 3, ரகம் மாறியது, 50 எண்ணம்.

பிஓ 4471 ஐட்டம் 3-இல் 6204-2RS, 200 எண்ணம் கேட்டிருந்தோம். உங்கள் ஆர்டர் உறுதிக் கடிதத்திலும் 2RS என்றே உள்ளது. மேற்படி இன்வாய்ஸில் வந்த 4 பெட்டிகளில் 3-ஆம் பெட்டியில் இருந்த 50-ம் 6204-ZZ. எதையும் பயன்படுத்தவில்லை, தனியாக வைத்திருக்கிறோம். இந்த 50-க்கும் இன்வாய்ஸில் உள்ள நிகர விலையிலும் வரி விகிதத்திலும் கிரெடிட் நோட் அனுப்பவும். சரக்கைத் திரும்ப எடுப்பதற்கான ரிட்டர்ன் எண்ணையும், உங்கள் செலவில் எடுக்கும் தேதியையும் தெரிவிக்கவும். தேவையான 50-க்குத் தனி பிஓ தருகிறோம். 3-ஆம் பெட்டி போட்டோ, பிஓ, உறுதிக் கடிதம், சலான் நகல் இணைப்பில்."

சேத மெயிலும் இதே அச்சுதான், 18 எண்ணம், டிரைவர் கையெழுத்திட்ட சலான் படத்தோடு. அதில் "மீதி 32-ஐப் பார்த்து ஏற்றுக்கொண்டோம்" என்றும் எழுதினோம். பெட்டியே நனைந்ததென்று 50-க்கும் கேட்கலாமே என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். கேட்டிருந்தால் பார்க்க வரும் ஆள் உறை பிரிக்காத 32-ஐப் பார்த்துவிட்டு 18-ஐயும் சந்தேகப்பட்டிருப்பார்.

ரிட்டர்ன் எண் வராமல் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் கிடங்கில் வாசலிலேயே நிற்கும், யாரும் வரவு வைக்க மாட்டார்கள், பிறகு வந்ததா இல்லையா என்பதே தனி வழக்கு. அதே போல, கிரெடிட் நோட் வருவதற்கு முன் நாமே தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டுவதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். அவர்கள் கணக்கில் அது பாக்கி என்றே நிற்கும், அடுத்த ஆர்டரை நிறுத்தி வைக்க அது ஒரு சாக்கு. நம் புத்தகத்துக்குத் தேவையென்றால் டெபிட் நோட் போட்டு அதன் நகலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம்.

"அடுத்த பில்லில் பார்த்துக்கறோம் சார்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். சொன்னவர் வேலை மாறிப் போனால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும். அடுத்த பில்லில்தான் கழிப்போம் என்றால் சரி, கிரெடிட் நோட்டை இப்போதே போடட்டும், கழிப்பதை அப்போது செய்துகொள்ளட்டும்.

அப்புறம் வந்த கிரெடிட் நோட்டைக் கொஞ்சம் படித்தும் பாருங்கள். பழைய இன்வாய்ஸ் எண் இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, விலை சரியா. பட்டியல் விலை 100, நமக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்றால் வரவு 90-க்குத்தான் வரவேண்டும், 100 என்று தாராளமாகப் போட்டிருந்தால் பின்னால் அவர்கள் ஆடிட்டில் பிடிபட்டு நம்மிடமே திரும்பும். எங்களுக்கு வேறு மாதிரி வந்தது. 150-க்கு மேல் வாங்கினால்தான் அந்தத் தள்ளுபடியாம், 68 திரும்பிவிட்டதால் நாங்கள் வாங்கியது 132 ஆகிவிட்டதாம், அதனால் வைத்துக்கொண்ட 132-க்கும் தள்ளுபடியை ரத்துசெய்து அந்த வித்தியாசத்தைக் கிரெடிட்டில் கழித்திருந்தார்கள். ஆர்டர் 200-க்குத்தான் கொடுத்தோம், குறைந்தது உங்கள் பக்கத்துத் தவறால், தள்ளுபடி அப்படியே நிற்க வேண்டும் என்று இரண்டே வரி எழுதி நோட்டைத் திருப்பி அனுப்பினோம். திருத்தி அனுப்பினார்கள், ஆனால் ரகம் மாறிய 50-க்கு மட்டும். நனைந்த 18 இன்னும் டிரான்ஸ்போர்ட்காரரிடம் நிற்கிறது.