ஒரே தாவுல ஏன் படம் வராது
"படம் வரையுற ஏஐ மாடல், வெறும் புள்ளி புள்ளியா இருக்குற நாய்ஸ்ல இருந்து ஒரே தடவையில படத்த எடுத்துட வேண்டியதுதானே, எதுக்கு இத்தன ஸ்டெப்?"

நண்பரே, ட்ரெயினிங்ல என்ன நடக்குதுன்னு பாத்தா இது புரிஞ்சிடும். ஒரு நல்ல போட்டோ மேல தெரிஞ்ச அளவு நாய்ஸ தூவி, இதுல நாய்ஸ் எதுன்னு மாடல்கிட்ட கேப்பாங்க, தப்பா சொன்னா திருத்துவாங்க, அவ்ளோதான். அது கத்துக்குறது நாய்ஸ கண்டுபிடிக்க மட்டும். அந்த நாய்ஸ கழிச்சா மிஞ்சுறதுதான் படத்தப் பத்தின அதோட யூகம்.

இப்ப பூனை படம் கேக்குறீங்கன்னு வைங்க. முழுக்க நாய்ஸா இருக்கும்போது பூனை இடப்பக்கம் பாக்குதா வலப்பக்கமா, கருப்பா வெள்ளையான்னு அதுக்கு எதுவுமே தெரியாது, அதனால அந்த நேரத்துல அதோட யூகம் எல்லா பூனையும் கலந்த ஒரு சராசரி, மங்கலா ஒரு சாம்பல் திட்டு மாதிரிதான் இருக்கும். அத அப்படியே எடுத்துக்கிட்டா படம் கெட்டுச்சு. அதான் அந்த யூகத்து பக்கமா கொஞ்சூண்டு மட்டும் நகர்ந்துட்டு, வந்தத திரும்ப மாடல்கிட்டயே குடுக்குறாங்க. இப்ப தலை எந்தப் பக்கம்னு லேசா முடிவாகியிருக்கும், அடுத்த யூகம் இன்னும் தெளிவாகும். மொத்த அமைப்பு முதல் ஸ்டெப்கள்லயே முடிவாகிடும், மீசை முடி, கண்ணுல தெரியுற வெளிச்சம் எல்லாம் கடைசிலதான் வரும்.

இந்த முறையில படம் உருவாக்குறத பத்தி 2020ல வந்த டிடிபிஎம்ங்கிற ஆய்வுல 1000 ஸ்டெப், இப்பல்லாம் 20, 30லயே முடிச்சிடுறாங்க. தொடக்க நாய்ஸ முடிவு பண்ற seed எண்ண மாத்தாம steps மட்டும் 4, 10, 30னு மாத்திப் பாருங்க, சாதாரண மாடல்ல 4ல பூனையோட ரோமம் மெழுகு பூசுன மாதிரி வழவழன்னு நிக்கும், 30ல ஒவ்வொரு முடியும் பிரிஞ்சு தெரியும்.